சாப்டருக்கு ஒரே ஒரு கருத்து, எப்படி கொண்டு வர்றது?

கேள்வி: டர்பன்ல இருக்கேன், கடன்ல இருந்து வெளிய வர்றது பத்தி ஒரு செல்ஃப் ஹெல்ப் புக் எழுதுறேன். ஒவ்வொரு சாப்டரும் எங்கெங்கயோ போயிடுது, என்ன பண்றது?

கடைசி வரிய முதல்ல எழுதுங்க. படிச்சவர் புக்க மூடிட்டு என்ன செய்வார்னு ஒரே வாக்கியம், அதுல ஒரே ஒரு செயல். "பணத்தோட உறவ மாத்திக்கணும்" எல்லாம் செயல் இல்ல, அத யாரும் நாளைக்கு காலைல எழுந்து செய்ய முடியாது.

சாட்ஸ்வொர்த்ல ஒரு அக்காவுக்கு தீபாவளி செலவு பத்தின சாப்டர பார்த்துக் குடுத்தேன், அவங்க வரி "சம்பளத்தன்னைக்கே 200 ரேண்ட் தனியா வைங்க, துணிக்கடை கடன் அக்கவுண்ட்ட மூடுங்க". ரெண்டு செயல், அதனால ரெண்டு சாப்டரா பிரிச்சோம். அப்புறம் 200 ரேண்ட் சாப்டர்ல ஒவ்வொரு பத்தி ஓரத்துலயும் இது அந்த வரிக்கு என்ன வேல செய்யுதுன்னு பென்சில்ல எழுதினோம், பிரச்சனைய காட்டுதா, காரணம் சொல்லுதா, வழி சொல்லுதா, இல்ல "சம்பளமே பத்தலயே"ங்கற சாக்குக்கு பதில் சொல்லுதான்னு. எதுவுமே எழுத முடியாத பத்தி மூணு. அதுல ஒண்ணு பாட்டியோட கரும்புத் தோட்டக் கதை, அருமையான கதைதான், ஆனா அது கடன் வாங்க வெக்கப்படாத தலைமுறை பத்தினது, வேற ஃபைல்ல போட்டோம். அக்கா ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

சரியா வந்துச்சான்னு பார்க்க மூணு பேர்கிட்ட குடுங்க, மறுநாள் "என்ன செய்யப் போற?"ன்னு மட்டும் கேளுங்க, பிடிச்சுதான்னு கேக்காதீங்க. மூணு பதில் வேற வேறயா வந்தா சாப்டர் இன்னும் பிளந்துதான் கிடக்கு. எல்லாரும் பாட்டி கதை மாதிரி ஒரு கதையவே சொன்னா, கதை செயல முழுங்கிடுச்சு.