ஃபோன்ல ரெண்டு பாயிண்ட் காட்டற மலை வீட்டுக்கு சிம் ரவுட்டர் தாங்குமா?

கேள்வி: "கோத்தகிரியில இருந்து உள்ள தள்ளி ஒரு ஹட்டியில வீடு. ஃபைபர் இங்க வராதுன்னுட்டாங்க, லேண்ட்லைனும் கிடையாது. எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம், பசங்களுக்கு ஆன்லைன் கிளாஸ். ஃபோன்ல ரெண்டு பாயிண்ட்தான் நிக்குது. சிம் போடற ரவுட்டர் வாங்கி அதையே மெயின் லைனா வச்சுக்கலாமா, எந்த ரவுட்டர் வாங்கறது?"

ரவுட்டர் பேர நான் இப்ப சொல்லப் போறதில்ல, கோச்சுக்காதீங்க. இந்த வேலையில பெரும்பாலும் பணம் வீணாகறதே முதல்ல ரவுட்டர வாங்கிட்டு அப்புறமா சிக்னல தேடறதாலதான். மொதல்ல ரெண்டு நாள் ஃபோன வச்சு வீட்ட அளங்க.

பாயிண்ட்ட நம்பாதீங்க, அது ஒவ்வொரு ஃபோன் கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு வரையற படம். பிளே ஸ்டோர்ல Network Cell Info Lite மாதிரி ஆப் ஒண்ணு போட்டா ரெண்டு எண் காட்டும், RSRP, SINR. மொதல்து டவர் சத்தம் நம்ம காதுக்கு எவ்ளோ வந்து சேருதுங்கறது, மைனஸ்லதான் இருக்கும், சைபர நோக்கி வர வர நல்லது. -90 வந்தா ராஜா, -105 வரைக்கும் ஓட்டிரலாம், -110ஐ தாண்டிட்டா திண்டாட்டம். ரெண்டாவது எண் அந்த சத்தம் எவ்ளோ தெளிவா இருக்குங்கறது, பக்கத்து டவருங்க இரைச்சல் எல்லாம் கழிச்சு. இது 13க்கு மேல இருந்தா நிம்மதி, 5க்கு கீழ போச்சுன்னா பாயிண்ட் முழுசா இருந்தாலும் ஸ்பீடு வராது. ஆப் இல்லாம பாக்கணும்னா நெறய ஆண்ட்ராய்டுல `*#*#4636#*#*` அடிச்சா மொத எண்ணாவது தெரியும்.

சத்தம் கம்மியா இருக்கற எடத்துல மொதல்ல சாகறது அப்லோடுதான், இத நெறய பேர் கவனிக்கறதே இல்ல. டவர் பல பத்து வாட்ல கத்துது, நம்ம ரவுட்டரோ ஃபோனோ அதிகபட்சம் 0.2 வாட்லதான் பதில் சொல்ல முடியும். அதனால -112ல யூடியூப் எப்படியோ ஓடிரும், ஆனா மீட்டிங்ல நீங்க பேசறது மட்டும் எதிர்ல இருக்கறவங்களுக்கு வெட்டி வெட்டி கேக்கும். "எனக்கு எல்லாம் கேக்குது, என்னைத்தான் கேக்கலங்கறாங்க"ன்னு யாராவது சொன்னா எனக்கு உடனே புரிஞ்சிரும், அது அப்லோடு பட்டினி. ஸ்பீடு டெஸ்ட் எடுக்கும்போதும் அப்லோட பாருங்க, வீடியோ மீட்டிங்குக்கு அது 3 எம்பிபிஎஸ்ஸாவது நிலையா நிக்கணும்.

எங்க அக்கா வீட்டு கணக்க அப்படியே சொல்றேன், உங்களுது மாதிரியேதான், கீழ் கோத்தகிரி பக்கம், சரிவுல வீடு, மேல தகர ஷீட், பின்னாடி கற்பூர மரம். வாங்கின ரவுட்டர ஹால்ல டிவி பக்கத்துல வச்சிருந்தாங்க, எல்லாரும் வைக்கற எடம். அங்க RSRP -112, SINR 2, டவுன்லோடு 4, அப்லோடு 0.6. மச்சான் ரவுட்டர மாத்திரலாம்னு நின்னாரு. நான் நோட்டு எடுத்துட்டு வீட்ட சுத்தினேன், ஒவ்வொரு எடத்துலயும் ஒரு நிமிஷம் நின்னு எழுதினேன், ஏன்னா ஃபோன் புது எடத்துல எண்ண சரியா காட்ட கொஞ்ச நேரம் எடுக்கும். சமையக்கட்டு ஜன்னல் -104, மாடி ரூம் -108 (மேல ஏறினா நல்லா வரும்னு நெனச்சோம், தகரத்துக்கு கிட்ட போனதால ஜன்னல விட மோசம்), வெளிய மாட்டுக் கொட்டாய் பக்கத்துல தேயிலை காடு தெரியற மூலையில -94, SINR 15. அங்க 22 டவுன்லோடு, 7 அப்லோடு. அதே ரவுட்டர், அதே சிம், நாற்பதடி தூரம்தான். -112க்கும் -94க்கும் நடுவுல 18 டெசிபல், அது கிட்டத்தட்ட அறுபது மடங்கு வித்தியாசம், ஏன்னா ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ரெட்டிப்பாகும். தகரமும் மண்ணு சரிவும் சேந்து தின்னுட்டு இருந்தது அவ்ளோ.

அப்ப ரவுட்டர் சிக்னல் இருக்கற எடத்துக்குப் போகணும், வீட்டுக்கு கேபிள் வரணும், இதான் நான் சொல்ல வர்ற மொத்த விஷயமும். எந்த கேபிளுங்கறதுலதான் பாதி பேர் கோட்டை விடறாங்க. ஆன்டனாவ வெளிய வச்சுட்டு கடையில கொடுக்கற மெல்லிசு கருப்பு வயர பத்து மீட்டர் இழுத்து உள்ள இருக்கற ரவுட்டர்ல சொருகுவாங்க. அந்த மெல்லிசு வயர்ல 1800 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் மீட்டருக்கு முக்கா டெசிபல் அளவுக்கு சாகும், பத்து மீட்டர்ல 7, 8 போச்சு, ஆன்டனா சம்பாதிச்சத வயரே சாப்ட்ருது. ஆனா நெட்வொர்க் கேபிள், அதான் ஈதர்நெட், நூறு மீட்டர் வரைக்கும் ஒண்ணும் குறையாது. அதனால வெளியில வைக்கறதுக்குன்னே வர்ற மழை தாங்கற 4ஜி ரவுட்டர் வாங்குங்க, கரண்ட்டும் அதே ஈதர்நெட் கேபிள்லயே போகும், வீட்டுக்குள்ள சாதாரண வைஃபை ரவுட்டர் ஒண்ணு போதும். கேபிள் வெயில் தாங்கற அவுட்டோர் ரகமா இருக்கட்டும், ரவுட்டருக்குள்ள நுழையற எடத்துல கீழ தொங்கற மாதிரி ஒரு வளைவு விடுங்க, தண்ணி அந்த வளைவுல சொட்டிரும், உள்ள ஏறாது.

டைரக்‌ஷனல் ஆன்டனா போடறதா இருந்தா ரெண்டு வேணும், ஒண்ண 45 டிகிரி இடப்பக்கமும் இன்னொண்ண வலப்பக்கமும் சாச்சு, ரெண்டும் ஒரே டவர பாக்கற மாதிரி. ஒண்ணு மட்டும் மாட்டினா ஸ்பீடு பாதிதான். திருப்பும்போது RSRPய பாத்துட்டே திருப்பாதீங்க, SINRஐ பாருங்க. அக்கா வீட்டுல நேரா மேட்டுல தெரியற டவர பாத்து வச்சப்ப RSRP -86 வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், ஸ்பீடு மட்டும் 6ஐ தாண்டல. அந்த டவர்ல எங்களுக்கு மாட்டினது பேண்ட் 5, அதாவது 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அது காடு மேடு தாண்டி நல்லா வரும், ஆனா ரோடு குறுகல், ஊரே அதுலதான் போகுது. கொஞ்சம் திருப்பி அடுத்த மேட்டு டவர பாத்ததும் -95தான், ஆனா பேண்ட் 3, 1800, ரோடு அகலம், 28 வந்துச்சு. ரவுட்டர் தானா விட்டா சத்தம் அதிகமா இருக்கற பேண்ட் 5லயே போய் ஒட்டிக்கும், அதனால அட்மின் பேஜ்ல (பெரும்பாலும் `192.168.1.1` இல்லன்னா `192.168.0.1`) பேண்ட் 3லயே நிக்கற மாதிரி பேண்ட் லாக் பண்ணிட்டோம். வாங்கும்போது இந்த பேண்ட் லாக் வசதி இருக்கான்னு கேளுங்க, நீங்க கேட்ட "எந்த ரவுட்டர்"க்கு என் பதில் பெரும்பாலும் இதான். இன்னொண்ணு, வெளிநாட்டு மாடல் மலிவா வருதேன்னு எடுத்தா சிலதுல பேண்ட் 40 இருக்காது, பிஎஸ்என்எல் 4ஜி போடறதா இருந்தா பேண்ட் 28ம் வேணும், அட்டைப்பெட்டியில பாத்துக்கோங்க. ரவுட்டர்ல கேட் 6 ரகம் ரெண்டு பேண்ட்ட சேத்து ஓட்டும், ஆனா உங்க டவர்ல ஒரு பேண்ட்தான் எட்டுதுன்னா கேட் 4 ரகமே போதும், மிச்சத்த கேபிளுக்கு செலவு பண்ணுங்க.

பூஸ்டர்னு ஒரு பொட்டி விப்பாங்க, அத தொடாதீங்க. சிக்னல வாங்கி பெருசாக்கி திருப்பி விடற அந்த மெஷின லைசென்ஸ் இல்லாம வீட்டுல வச்சிருக்கறதே நம்ம நாட்டுல சட்டப்படி தப்பு, டவரையும் கெடுத்து பக்கத்து வீட்டு ஃபோனையும் கெடுக்கும்.

அளக்கறப்ப காலைல ஆறு மணிக்கு ஒருதரம், ராத்திரி ஒம்போது மணிக்கு ஒருதரம் எடுங்க. ரெண்டு எண்ணும் ரெண்டு வேளையும் ஒண்ணா இருந்து ஸ்பீடு மட்டும் ராத்திரி விழுந்தா அது டவர் நெரிசல், ஆன்டனா எதுவும் பண்ண முடியாது, வேற கம்பெனி சிம்மையோ வேற டவரையோதான் பாக்கணும். மே மாசம் சீசன் கூட்டத்துல இது இன்னும் மோசமாகும், அதனால இப்ப அளந்தது நல்லா இருந்தாலும் ஒரு வருஷ ரீசார்ஜ மொத்தமா போட்டுராதீங்க.

ஆடி மாசம் மிஸ்ட் இறங்கினா நெட் போகுதுன்னு எல்லாரும் சொல்வாங்க. இந்த பேண்டுகளுக்கு மிஸ்ட் ஒரு பொருட்டே இல்ல. நனஞ்ச மரம்தான் பொருட்டு, டவருக்கும் உங்களுக்கும் நடுவுல சீகை மரமோ சில்வர் ஓக்கோ அடர்த்தியா இருந்தா மழையில SINR கண்ணு முன்னாடியே இறங்கும். அப்படி எண் இறங்காம, பாயிண்ட் முழுசா இருந்தும் நெட் மட்டும் செத்துப்போச்சுன்னா டவருக்குப் பின்னாடி போற லிங்க்தான் மழையில அடிபட்டிருக்கும், ரவுட்டர நோண்டாதீங்க. இடி மின்னல் நேரத்துல மட்டும் வெளியில இருந்து வர்ற கேபிள சுவத்துக்கிட்ட கழட்டி போட்ருங்க. கரண்ட் போனா ரெண்டு ரவுட்டரும் ஓட மினி யூபிஎஸ் வேணும், அடாப்டர்ல எத்தன வோல்ட்னு பாத்து அதே வோல்ட்ல வாங்குங்க, வெளி ரவுட்டருக்கு பெரும்பாலும் 12 வோல்ட் பத்தாது.

டேட்டா கணக்கும் போட்டுக்கோங்க. வீடியோ மீட்டிங் மணிக்கு ஒரு ஜிபி பக்கம் இழுக்கும், நீங்க மூணு மணி நேரம், பசங்க ரெண்டு மணி நேரம்னா அதுக்கே தினம் 5 ஜிபி, தினசரி 2 ஜிபி பிளான் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சு 64 கேபிபிஎஸ்ல நிக்கும். அதனால தினக்கணக்கு இல்லாத பல்க் டேட்டா பிளான் பாருங்க. உங்க பேங்க் நம்பர் சிம்ம இதுல போடாதீங்க, ஓடிபி எல்லாம் ரவுட்டர் அட்மின் பேஜ்ல போய் விழும். ஃபோன்ல வைஃபை காலிங் ஆன் பண்ணிட்டா தகர ஷீட்டுக்கு கீழயும் கால் பேசலாம், அக்கா இதுக்குத்தான் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. சிசிடிவிய வெளியூர்ல இருந்து பாக்கணும்னா போர்ட் ஃபார்வர்ட் எல்லாம் சிம்முல வேலைக்காகாது, ஆப் வழியா பாக்கற கேமராதான் சரி.

ரெண்டு நாள் அளந்தும் உங்க எடத்துல எங்கயுமே -110ஐ விட நல்லா வரலன்னா ரவுட்டர் வாங்க வேண்டாம். மேட்டுல சிக்னல் இருக்கற சொந்தக்காரங்க வீடு ஏதாவது உங்க வாசல்ல இருந்து மரம் மறைக்காம நேரா கண்ணுக்கு தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா சிம் ரவுட்டர அவங்க வீட்டுல வச்சுட்டு, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு 5 கிகாஹெர்ட்ஸ் அவுட்டோர் ரேடியோ ஜோடி போட்டு கீழ இறக்கிக்கலாம், ஒரு கிலோமீட்டர் எல்லாம் அதுக்கு சாதாரணம். அவங்க கரண்ட் பில்லுல பங்கு எவ்வளவுன்னு மட்டும் மொதல்லயே பேசிக்கோங்க.