நிமிஷக் கணக்கா, நாள் கணக்கா?

கேள்வி: சிங்கப்பூரில் ஃப்ரீலான்ஸ் வீடியோ எடிட்டிங் ஆரம்பித்திருக்கிறேன். முடிந்த வீடியோவுக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று சொல்வதா, நாளுக்கு இவ்வளவு என்றா? திருத்தம் இத்தனை முறைதான் என்று சொன்னால் கிளையன்ட் ஓடிவிடுவார்களா?

ஓடுபவர்கள் ஓடட்டும். நான் சொல்லாமல் இருந்ததால் ஒன்பது நாள் போனது.

உங்களுக்கு இப்போது ஒரு கம்பெனியோ கல்யாண வீடோ "நிமிஷத்துக்கு எவ்வளவு ப்ரோ?" என்று வாட்சப்பில் கேட்டிருப்பார்கள், நீங்களும் ஒரு எண்ணைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள். ஒரு கம்பெனியின் ஆண்டு விருந்து. இரண்டு கேமராவில் எடுத்தது, கூடவே ஆறு பேரின் பேட்டி, எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரக் காட்சி. எட்டு நிமிஷ வீடியோ வேண்டும் என்றார்கள். நிமிஷத்துக்கு 110 வெள்ளி, ஆக 880 என்றேன். "ஓகே ப்ரோ" என்று பதில் வந்தது. அதுதான் ஒப்பந்தம்.

நான்கு நாளில் 7 நிமிஷம் 50 வினாடிக்கு முதல் வெட்டு தயார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அப்புறம்தான் நிர்வாக இயக்குநர் பார்த்தார். "நல்லா இருக்கு, ஆனா மூணு நிமிஷமா குறைச்சிடுங்க, இவ்வளவு நேரம் யாரும் பார்க்க மாட்டாங்க." நியாயமான பேச்சுதான். ஆனால் எட்டை மூன்றாக்குவது கத்தரியால் நறுக்கும் வேலை இல்லை. ஆறு பேட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு வாக்கியம் பொறுக்க வேண்டும், அந்த வாக்கியம் முன்பின் இல்லாமலே புரிய வேண்டும், இசையை முதலிலிருந்து மாற்றிப் போட வேண்டும். அதற்கு மூன்று நாள். திருத்தங்களுக்கு இன்னும் இரண்டு நாள். கடைசியில் 3 நிமிஷம் வந்தது. பில்லும் 3 நிமிஷத்துக்குத்தான் என்றார்கள்: 330 வெள்ளி. ஒன்பது நாளால் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 37 வெள்ளிகூட வரவில்லை. கெஞ்சிக் கூத்தாடி 500 வாங்கினேன்.

நிமிஷக் கணக்கின் கோளாறு இதுதான். நம் உழைப்பு எடுத்த காட்சியின் நீளத்தைப் பொறுத்தது. கூலி முடிந்த வீடியோவின் நீளத்தைப் பொறுத்து வருகிறது. நன்றாகச் சுருக்கினால் நமக்குத்தான் நஷ்டம்.

"நான் நிமிஷக் கணக்கில்தான் நல்லா சம்பாதிக்கிறேன்" என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: நீங்கள் சொல்வதும் சரி. எனக்கும் ஒரு டியூஷன் சென்டர் வேலை அப்படித்தான் போகிறது. வாரம் ஒரு பாடம், ஒரே கேமரா, 40 நிமிஷம் எடுத்தால் 35 நிமிஷம் வெளியே போகும், தலைப்பு அட்டைகூட மாறாது. எடுத்ததும் முடிந்ததும் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்றால் நிமிஷக் கணக்கு இரு பக்கமும் நியாயம். ஒன்பது மணி நேரத்தை மூன்று நிமிஷமாக்கும் வேலைக்கு அது ஆகாது.

அதற்காக கிளையன்டிடம் போய் "நாளுக்கு 350" என்று சொல்லவும் சொல்ல மாட்டேன். எத்தனை நாள் இழுப்பானோ என்ற பயம் அவர்களுக்கு வரும், நாம் வேகமாக முடித்தால் காசும் குறையும். நாள் கணக்கு நம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும், அவர்களுக்கு ஒரே மொத்தத் தொகையாகச் சொல்லுங்கள். எனக்கு 350 எப்படி வந்தது என்றால், மாதம் 4,200 வெள்ளி வேண்டும், பில் போடக்கூடிய நாள் 12தான். மீதி நாள்கள் சந்திப்பு, பேக்கப், காசுக்கு நினைவூட்டுவது என்று போய்விடும். முதலாளி போடும் மத்திய சேமநிதியும் நமக்குக் கிடையாது, மெடிசேவை நாமே கட்ட வேண்டும்.

அதே விருந்து வீடியோவை இன்று கேட்டால் இப்படிக் கணக்குப் போடுவேன். எல்லாவற்றையும் பார்த்து, ஒலியைப் பொருத்தி, நல்லதைப் பிரித்தெடுக்க ஒன்றரை நாள். முதல் வெட்டுக்கு இரண்டு நாள். இசையோடு நுணுக்கமாகச் சீர்செய்ய ஒரு நாள். நிறமும் ஒலியும் அரை நாள், சப்டைட்டில் அரை நாள், இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு ஒரு நாள். ஆறரை நாள், 2,275 வெள்ளி. அதிகம் என்பார்கள். அப்போது விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள்: "ஆறு பேட்டி வேண்டாம், மூன்றை நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், ஒரு நாள் கழித்துக்கொள்கிறேன்." எத்தனை மணி நேரக் காட்சி வரை இந்த விலை என்பதையும் எழுதிவிடுங்கள்.

இப்போது திருத்தம். "இரண்டு முறை" என்று மட்டும் எழுதினால் போதாது, ஒரு முறை என்றால் என்ன என்று எழுத வேண்டும். அந்த விருந்து வீடியோவில் மனிதவளப் பெண் திங்கட்கிழமை இசையை மாற்றச் சொன்னார், மேலாளர் புதன்கிழமை பழைய இசையைக் கேட்டார், இன்னொருவர் இரவு 11 மணிக்குக் குரல் பதிவு அனுப்பினார். கடைசிக் கோப்பின் பெயர் `AnnualDinner_v7_final_FINAL.mp4`. அதில் இருந்தது இரண்டாம் பதிப்பின் இசை.

இப்போது என் விலைக்கடிதத்தில் இருக்கும் வாசகம்: "ஒரு சுற்று என்பது, உங்கள் தரப்பில் ஒருவர், எல்லோருடைய கருத்தையும் தொகுத்து, வீடியோவின் நேரக் குறிப்போடு, ஒரே பட்டியலாக ஐந்து வேலை நாளுக்குள் அனுப்புவது. இரண்டு சுற்று விலைக்குள் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் அரை நாள் கட்டணம். என் பிழைகள் கணக்கில் சேராது." கடைசி வரி முக்கியம். பெயரை நான் தப்பாக அடித்திருந்தால் அது அவர்கள் சுற்றில்லை.

முதல் சுற்றில் வரிசை, நீளம், யார் இருக்கணும் யார் வேண்டாம் என்பதெல்லாம் முடிந்துவிட வேண்டும். அதற்கு ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகுதான் சப்டைட்டிலைத் தொடுவேன். 1:12இல் நான்கு வினாடியை எடுத்தால் அதற்குப் பின்னால் உள்ள சப்டைட்டில் எல்லாம் நகரும், இசையும் தாளம் தப்பும். இரண்டாம் சுற்றில் யாராவது "ஆரம்பமே வேற மாதிரி இருக்கலாமே" என்றால், உண்மையில் முடிவெடுப்பவர் முதல் வெட்டைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அதனால் முதல் சந்திப்பிலேயே "கடைசியாக ஓகே சொல்வது யார்?" என்று கேட்டு அந்தப் பதவியையும் கடிதத்தில் எழுதிவிடுகிறேன்.

பாதிப் பணம் முன்பணம். காசு வராவிட்டால் 20,000 வெள்ளி வரை சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், ஆனால் அங்கே போய் "ஓகே ப்ரோ"வைக் காட்டி எட்டு நிமிஷத்தையும் ஒன்பது நாளையும் விளக்கும் தெம்பு எனக்கு இருக்கவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். நான்கு மொழியிலும் சப்டைட்டில் வேண்டும் என்பார்கள். சீனத்துக்கும் மலாய்க்கும் மொழிபெயர்ப்பாளருக்குக் காசு ஒதுக்கியிருப்பார்கள். தமிழுக்கு? "உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே, நீங்களே போட்டுடுங்களேன்." தமிழ் எழுத்துரு கொம்பையும் காலையும் பிரித்துப் போடும், அதையும் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். தலைகீழாய் வந்தாலும் வீடியோவுக்கு ஓகே சொல்பவர்களில் கண்டுபிடிக்க ஆள் இல்லை என்பது வேறு. ஒரு வருஷமாகத் தமிழ் சப்டைட்டிலை என் விலைக்கடிதத்தில் தனி வரியாகப் போடுகிறேன். இரண்டு பேர் அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வீடியோ மூன்று மொழியில் போனது.