போனஸ்ல பாதிக்கு மேல டேக்ஸ்

"மாசம் 1,05,000 சம்பளம், இதுவரை டிடிஎஸ் ஒரு பைசா பிடிச்சதில்ல. இந்த மாசம் 1,50,000 போனஸ் போட்டு 83,460 பிடிச்சிட்டாவ. கணக்கு தப்பா?"

தப்பில்ல அண்ணாச்சி, அல்வா குடுத்துட்டாவன்னு நெனைக்காதிய. போனஸுக்குன்னு தனி ரேட் கெடையாது, வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா வரிய தள்ளுபடி பண்ணுத 87ஏ ரிபேட் உங்களுக்குப் போயிட்டு, அதான் முழு வருஷ வரியும் இந்த ஒரே பேஸ்லிப்ல எறங்கிருக்கு.

நீங்க புது ரெஜிம்னு வச்சு 2025-26 கணக்குப்படி சொல்லுதேன். வருஷம் 12,60,000, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போனா 11,85,000, 12 லட்சத்துக்குள்ள இருந்ததால ரிபேட்ல வரி பூஜ்யம். போனஸ் சேந்ததும் 13,35,000 ஆயிட்டு. மொத 12 லட்சத்துக்கு 60,000, மேல உள்ள 1,35,000க்கு 15% வீதம் 20,250, அதுக்கு மேல 4% செஸ், சரியா 83,460 வந்து நிக்கும்.

பேஸ்லிப்ல டிடிஎஸ் தொகைய மட்டும் பாத்தா ஒண்ணும் புரியாது. கூடவே வருஷக் கணக்கு ஷீட் ஒண்ணு இருக்கும், அதுல போனஸ் ஒரு தடவதான் ஏறிருக்கா, மிச்ச மாசத்துக்கும் சம்பளம் மாதிரி பெருக்கி வச்சிருக்காவளான்னு பாருங்க. எங்க ஆபீஸ்ல ஒரு வருஷம் அப்பிடித்தான் பெருக்கிட்டாவ, ஹெச்ஆர்கிட்ட மெயில் போட்டு மாத்த வேண்டியதாப் போச்சு. உங்களுக்கு அடுத்த மாசம் டிடிஎஸ் மறுபடி பூஜ்யம் ஆவணும், ஆவலன்னா கேளுங்க.

ஒண்ணு, 12 லட்சத்த கொஞ்சமா தாண்டுனவங்களுக்கு, தாண்டுன தொகைய விட வரி கூடிராம பாத்துக்கிடுத மார்ஜினல் ரிலீஃப் உண்டு, ஆனா அது ஏறக்குறைய 12,70,000 வரைக்குந்தான், உங்களுக்கு எட்டாது.