எழுத்தை எண்ணுங்கள், சொல்லை அல்ல: இரண்டு நிமிட மழை வீடியோவுக்கு விவரணை

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்காக, தென்மேற்குப் பருவமழை எப்படி உருவாகிறது என்று இரண்டு நிமிட அனிமேஷன் வீடியோ செய்கிறோம். படங்கள் ஏறக்குறையத் தயார். நான் எழுதிய விவரணையைப் படித்தால் மூன்றே கால் நிமிடம் ஓடுகிறது. வேகமாகப் படித்தால் புரியவில்லை, படத்தோடும் ஒட்டவில்லை. எந்த இடத்தில் எப்படி வெட்டுவது?

பதில்:

வெட்டுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். வாய்ஸ் ஓவருக்கு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது ஆங்கிலத்துக்காகப் போட்ட கணக்கு, தமிழுக்கு உதவாது. ‘மலை’யும் ஒரு சொல், ‘மேற்பரப்பிலிருந்து’ம் ஒரு சொல். முதலாவதைச் சொல்லி முடிக்க அரை வினாடிகூட ஆகாது. இரண்டாவதுக்கு ஒன்றரை வினாடி ஆகும்.

தமிழில் இதைவிட நல்ல அளவுகோல் எழுத்திலேயே இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணுங்கள். ‘காற்று’ என்றால் கா, று: இரண்டு. ‘மேகம்’ என்றால் மே, க: இரண்டு. ‘குளிர்கிறது’ என்றால் கு, ளி, கி, ற, து: ஐந்து. வாய் எத்தனை முறை அசைகிறதோ அத்தனை எழுத்து கிடைத்துவிடும். மாத்திரைக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். குறிலும் நெடிலும் கலந்து வருவதால் நான்கைந்து வரிகளில் சராசரி சமமாகிவிடுகிறது.

பிள்ளைகளுக்கான நிதானமான விவரணையில் வினாடிக்கு ஐந்து எழுத்து என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுக்குக் குரல் கொடுப்பவரின் வேகம் வேறாக இருக்கலாம். எந்தப் பத்தியையாவது அவரை ஒரு முறை படிக்கச் சொல்லி, எழுத்தை எண்ணி, ஆன வினாடியால் வகுத்துப் பாருங்கள். அதன்பின் அவருடைய எண்ணையே பயன்படுத்துங்கள்.

இப்போது உங்கள் வீடியோ. இரண்டு நிமிடம் என்றால் 120 வினாடி, அதாவது 600 எழுத்து. ஆனால் 600-ஐயும் நிரப்பிவிடக் கூடாது. படம் தானாகவே பேச வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கால் பங்கையாவது மௌனத்துக்கு விட்டால் உங்கள் கையில் இருப்பது 450 எழுத்து. மூன்றே கால் நிமிடம் ஓடும் பிரதியில் 970 எழுத்துக்குக் குறையாமல் இருக்கும். ஆகவே சொல் சொல்லாக உதிர்த்துப் பயனில்லை. பாதிக்கு மேல் போக வேண்டும். வாக்கியம் அமைந்திருக்கும் விதமே மாற வேண்டும்.

உங்கள் பிரதியில் காற்று மலையில் மோதும் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே படத்துக்கு 1:00 முதல் 1:25 வரை இருபத்தைந்து வினாடி இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது இது:

“அரபிக்கடலின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகி ஈரப்பதத்தைச் சுமந்துகொண்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, கடல் மட்டத்திலிருந்து 2,695 மீட்டர் உயரம் வரை உயர்ந்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையால் தடுக்கப்பட்டு மேலெழும்பிக் குளிர்ந்து ஒடுங்கி மேகமாகி மழையாகப் பொழிகிறது.”

மொத்தம் 108 எழுத்து, ஏறக்குறைய 22 வினாடி. நேரத்துக்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் எழுத்து எந்த இடத்தில் எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். ‘பருவக்காற்று’ என்ற சொல் வந்து முடிவதற்குள் 37 எழுத்து போய்விடுகிறது. திரையில் 1:00-க்கே அம்புகள் நகரத் தொடங்கிவிட்டன. அவை எதைக் காட்டுகின்றன என்று பிள்ளைக்குத் தெரிவது ஏழாவது வினாடியில்தான். தமிழ் வாக்கியத்தில் அடைமொழி எல்லாம் முன்னால் வந்து நிற்கும், பெயர் பின்னால் வரும். அச்சில் அது அழகு, கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை.

வினையிலும் இதே சிக்கல். நம் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில்தான் விழும். ஏறுவது, விரிவது, குளிர்வது, மேகமாவது, பொழிவது என்று ஐந்து நிகழ்வுகள் ஐந்து படங்களாக வருகின்றன. உங்கள் வாக்கியத்தில் விரிவது இல்லவே இல்லை, மற்றவை கடைசி ஐந்தாறு வினாடிக்குள் ‘எழும்பிக் குளிர்ந்து ஒடுங்கி மேகமாகி’ என்று ஒரே ஓட்டமாக ஓடிவிடுகின்றன. படத்தில் காற்று மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும்போது குரல் எதையும் ஏற்றவில்லை. படத்தில் மேகம் திரளும்போது குரல் மழைக்குப் போய்விட்டது. ஒட்டவில்லை என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

அப்புறம் அந்த 2,695. ஆனைமுடியின் உயரம் அதுதான், தவறில்லை. ஆனால் தாளில் நான்கு இலக்கமாக இருப்பது வாயில் ‘இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று ஐந்து’ என்று 15 எழுத்தாகிறது. மூன்று வினாடி! மழை எப்படி உருவாகிறது என்பதற்கு இந்த எண் எதையும் சொல்லவில்லை. தேவைப்பட்டால் சிகரத்தின் பக்கத்தில் எழுத்தாகக் காட்டிவிடுங்கள். நானும் ஒரு முறை எண்ணை இலக்கத்தில் எழுதிக் கொடுத்து, ஒலிப்பதிவு அறையில்தான் அதன் நீளத்தை உணர்ந்தேன். அன்றிலிருந்து எண்களை எழுத்தாலேயே எழுதுகிறேன்.

சரி, அந்த இருபத்தைந்து வினாடியை நான் இப்படி எழுதுவேன்:

1:00, அம்புகள் கடலிலிருந்து மலையை நோக்கி வருகின்றன.
“காற்று கரைக்கு வந்துவிட்டது. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை.” (20 எழுத்து)

1:05, அம்புகள் அடிவாரத்தைத் தொட்டுச் சரிவில் ஏறுகின்றன.
“போக வழியில்லை. மேலே ஏறுகிறது.” (13)

1:10, காற்றுக் குமிழி ஒன்று ஏற ஏற உப்புகிறது, நிறம் நீலமாகிறது.
“மேலே காற்றழுத்தம் குறைவு. அதனால் காற்று விரிகிறது, விரிந்ததும் குளிர்கிறது.” (28)

1:17, வெள்ளைத் திட்டு தோன்றி அடர்ந்து, 1:21-க்கு முழு மேகமாகிறது.
“கண்ணுக்குத் தெரியாத நீராவி நுண்துளிகளாகிறது. இதோ, மேகம்.” (22)

மொத்தம் 83 எழுத்து. பதினேழு வினாடிக்குள் முடிந்துவிடும், எட்டு வினாடி மௌனம் மிஞ்சும். அந்த மௌனம் கடைசியில் ஒரே மொத்தமாகக் கிடக்கவில்லை, துண்டு துண்டாக விழுகிறது. ‘மேலே ஏறுகிறது’ என்று சொன்ன பிறகு இரண்டு வினாடிக்கு மேல் அம்புகள் சும்மா ஏறிக்கொண்டிருக்கலாம். மேகத்துக்குப் பிறகு மூன்றரை வினாடி இருக்கிறது. முதல் மழைச் சத்தத்தை அங்கே கேட்க விடுங்கள்.

நிகழ்வைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் தன் வினையில் முடிகிறது, அந்த வினை படத்தில் உள்ள அசைவின் மேல் விழுகிறது. படம் அரை வினாடி முந்தி இருக்கட்டும். அசைவைக் கண் பார்த்து ‘என்ன இது’ என்று கேட்கும் நேரத்தில் குரல் பதில் சொல்ல வேண்டும். குரல் முந்தினால் பிள்ளைகள் படத்தில் அதைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த வரிகளில் அறிவியலையும் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். ‘மலையால் தடுக்கப்பட்டு’ என்பதை மட்டும் கேட்டால் மேகம் மலையில் மோதி உடைந்து மழை கொட்டுகிறது என்றே பிள்ளை நினைக்கும். மலையின் வேலை காற்றை மேலே ஏற்றிவிடுவது. மேகம் உருவாவதற்கு முன், ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்று ஏறக்குறைய பத்து டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. மேலே யாரோ அதைக் குளிர்விப்பதில்லை. சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவழிக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் ‘ஏறினால் ஏன் குளிர வேண்டும்’ என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதனால்தான் 28 எழுத்தை அங்கே கொடுத்தேன், மற்ற இடங்களில் சிக்கனம் பிடித்தேன்.

உங்கள் அனிமேட்டரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் பாதியில் கடலிலிருந்து வெள்ளைப் புகை எழுவது போல வரைந்திருக்கிறார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது நீர்த்துளி. கடலிலேயே வெள்ளை வந்துவிட்டால் 1:17-இல் மேகம் தோன்றுவதற்குப் பொருளே இல்லை. கடல் மேல் மெல்லிய அலையும் கோடுகள் போதும். இந்த இடத்தைக் குரலால் சரிக்கட்ட முடியாது. படமும் குரலும் முரண்பட்டால் பிள்ளைகள் நம்புவது படத்தை.

நிலநடுக்கோட்டைக் கடந்ததும் காற்று திரும்பும் இடத்தில் ‘வலப்பக்கமாகத் திரும்புகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய வலப்பக்கம்? காற்று போகும் திசைக்கு வலப்பக்கம் என்பதுதான் சரி, ஆனால் அதை விளக்க நேரமில்லை. ‘பூமி சுழல்வதால் கிழக்கே வளைகிறது’ என்று சொல்லிவிடுங்கள், வரைபடத்தில் அம்பு வளைவது மீதியைச் சொல்லும். கொரியாலிஸ் என்ற பெயர் இந்த வீடியோவுக்கு வேண்டாம். பெயர் சொன்னால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

எழுதி முடித்ததும் கைபேசியில் நீங்களே ஒரு தற்காலிகக் குரல் பதிவு செய்து, ஸ்டோரிபோர்டு படங்களின் கீழே போட்டுப் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். படம் இல்லாமலே எல்லாம் முழுசாகப் புரிந்தால், குரல் படத்தின் வேலையையும் செய்கிறது, இன்னும் வெட்டலாம். ‘இதோ, மேகம்’ போன்ற வரி கண்ணை மூடினால் குறையாகத் தோன்ற வேண்டும். அதற்குப் பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். எங்கே புரியாமல் நிற்கிறீர்களோ அங்கேதான் ஒரு வரி தேவை. இறுதிக் குரல் பதிவும் அனிமேஷனின் கடைசித் திருத்தமும் இந்தச் சோதனைக்குப் பிறகு நடக்கட்டும். நேரம் போதவில்லை என்று குரலை எடிட்டிங்கில் வேகப்படுத்த வேண்டாம்; முதலில் விழுங்கப்படுவது வினைமுற்றின் கடைசி எழுத்துதான்.

மழைத்துளிப் பகுதியில் ஒரு வரியை மட்டும் கை வைக்காமல் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்: “பத்து லட்சம் நுண்துளிகள் சேர்ந்தால் ஒரு மழைத்துளி.” மேகத் துளியின் குறுக்களவு சுமார் 0.02 மில்லிமீட்டர், மழைத்துளியுடையது சுமார் 2 மில்லிமீட்டர். நூறு மடங்கு அகலம் என்றால் கன அளவில் பத்து லட்சம் மடங்கு. விவரணையில் எண் வரலாம் என்றால் இப்படித்தான் வர வேண்டும்: வாயில் சிறியதாக, மனதில் பெரியதாக.

கடைசிப் பத்து வினாடியில் வடகிழக்குப் பருவமழையையும் நுழைத்திருக்கிறீர்கள். அது வேறு காற்று, வேறு கடல், வேறு மாதம்; 50 எழுத்தில் அதை விளக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளை ‘எங்களுக்கு ஐப்பசியில்தானே மழை’ என்று கேட்கத்தான் செய்யும். அதற்கு மலையைத் தாண்டிய அம்புகள் கிழக்குச் சரிவில் இறங்கி வெளிறுவதைக் காட்டி, “மலை தாண்டிய காற்றில் ஈரம் குறைவு. கிழக்கே மழையும் குறைவு” என்று 21 எழுத்தோடு நிறுத்துங்கள். ஐப்பசி மழைக்குத் தனியாக இன்னொரு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.