முதல் பத்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிடும் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? கேள்வி-பதில்

ஏழாம் வகுப்பில் 38 பேர். மூன்று நான்கு பேர் பயிற்சிக் கணக்கைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் கையெழுத்து கெடுகிறது, பேச்சு தொடங்குகிறது. என்ன செய்யலாம்? (ஆசிரியை, காரைக்குடி)

சீக்கிரம் முடித்ததற்குக் கூலியாகக் கூடுதல் வேலை வந்தால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை வேண்டுமென்றே மெதுவாக எழுதும். ஆகவே முதலில் குறைக்க வேண்டும், பிறகுதான் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

பயிற்சியில் கடினமான ஐந்து கணக்குகளைத் தேர்ந்தெடுத்துக் கரும்பலகையில் எண்ணைக் குறித்துவிடுங்கள். "இந்த ஐந்தை முதலில் போடலாம். நாலு சரியாக வந்தால் மீதி வேண்டாம்" என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லுங்கள். நேரம் 15 நிமிடம். இரண்டு தப்பானால் எல்லோரையும் போல முதலிலிருந்து போட வேண்டும்.

தேர்வு செய்யும் கணக்கு வாய்பாட்டில் எண்ணைப் போட்டதும் விழுந்துவிடுவதாக இருக்கக் கூடாது. 'அளவைகள்' பாடத்தில் இப்படி ஒன்று கேட்கலாம்: இணைகரத்தின் அடி 10 செ.மீ., அதற்கான உயரம் 6 செ.மீ., அடுத்த பக்கம் 8 செ.மீ. அந்த 8 செ.மீ. பக்கத்தை அடியாகக் கொண்டால் உயரம் எவ்வளவு? பரப்பு மாறாது என்று புரிந்த பிள்ளை 60-ஐ 8-ஆல் வகுத்து 7.5 என்று எழுதும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே நின்றுவிடும்.

ஐந்தில் தேறியவர் விட்ட கணக்குகளுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் பெற்றோர் நோட்டைப் பார்த்து "ஏன் பாதி காலி?" என்று கேட்பார்கள், பிள்ளையும் பயந்து எல்லாவற்றையும் போடத் தொடங்கும்.

மிச்சமான நேரத்தில் என்ன கொடுப்பது? தனியாகச் சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது. (அதே ஆசிரியை)

தன் விடையைத் தானே சரிபார்க்க வழி உள்ள வேலையாகக் கொடுங்கள். துணை ஆசிரியர் இல்லாத வகுப்பில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் பக்கத்திலேயே கிடைப்பது தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். கட்டம் போட்ட நோட்டும் இரண்டு வண்ணப் பென்சிலும் போதும். மூன்று அட்டைகள் எழுதி வையுங்கள்.

முதல் அட்டை: 16 அடிக்கு 20 அடி அறை. கல் 8 அங்குலச் சதுரம். சுவரோரம் ஒரு வரிசை பார்டர் கல், உள்ளே பூக்கல். ஒவ்வொன்றும் எத்தனை?

அகலத்தில் 24, நீளத்தில் 30, ஆக மொத்தம் 720 கல். உள்ளே 22 × 28 = 616, பார்டர் 104. பலர் மூலைக்கல்லை இரண்டு முறை எண்ணி 108 என்பார்கள். இரண்டையும் கூட்டினால் 724 வந்து தவறு தானே வெளிப்பட்டுவிடும். நீங்கள் திருத்த வேண்டியதில்லை.

இரண்டாம் அட்டை: பார்டர் கல்லும் பூக்கல்லும் சம எண்ணிக்கையில் வரும் அறை எது?

கொஞ்ச நேரம் வரைந்து பார்த்தால் 6-க்கு 8 கிடைக்கும்: உள்ளே 24, ஓரம் 24. பெரும்பாலோர் அங்கேயே "முடிச்சாச்சு" என்பார்கள். உண்மையில் வேலை இனிமேல்தான் இருக்கிறது.

மூன்றாம் அட்டை: வேறு அறை உண்டா? இல்லையென்றால், இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியும்?

இதற்குச் சமன்பாடு தேவையில்லை. அகலத்தை 5 என்று நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். 5-க்கு 5-இல் உள்ளே 9, ஓரம் 16, வித்தியாசம் 7. நீளத்தில் ஒரு வரிசை கூடினால் உள்ளே 3 கூடும், ஓரத்தில் 2 கூடும். ஒவ்வொரு வரிசைக்கும் வித்தியாசம் ஒன்று குறைவதால் ஏழு வரிசை கூட்டியதும் சமமாகும்: 5-க்கு 12. அகலம் 4 என்றால் இரண்டிலும் 2, 2 கூடுவதால் வித்தியாசம் 8-ஆகவே நிற்கும். 3 என்றால் விலகிக்கொண்டே போகும். 6-க்கு 6-இல் வித்தியாசம் 4, வரிசைக்கு இரண்டிரண்டாகக் குறைவதால் 6-க்கு 8-இல் மட்டும் சமமாகும். 7-க்கு 7-இலேயே உள்ளே 25, ஓரம் 24. அதற்கு மேல் பூக்கல்தான் எப்போதும் அதிகம். ஆக இரண்டே அறைகள். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைத் தன் சொல்லில் எழுதினால் அது முழுமையான நிரூபணம்.

இதையும் தாண்டுகிறவருக்கு, பார்டர் இரண்டு வரிசை என்று மாற்றிக் கொடுங்கள். அப்போது மூன்று விடைகள்: 12-க்கு 16, 10-க்கு 24, 9-க்கு 40. மூன்று நான்கு பாடவேளைக்கு இது தாங்கும்.

நான் மற்றவர்களுக்கு விளக்கும்போது இவர்கள் எழுந்து வந்து இடையில் கேட்கிறார்கள். (ஆசிரியர், தேவகோட்டை)

நோட்டின் கடைசிப் பக்கத்தில் சந்தேகத்தை எழுதி வைத்துவிட்டு, வேறு அகலத்தை எடுத்துத் தொடர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் கணக்கைப் பார்த்து எழுதும் நேரத்தில் மூன்று நிமிடம் அவர்களிடம் போனால் போதும். போகும்போது விடையைச் சொல்லாமல் "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டு குறிப்புகளை மடித்து உங்கள் மேசையில் வையுங்கள். "மூலைக்கல்லை எத்தனை தடவை எண்ணினாய்?" என்பது ஒன்று, "அகலத்தை மாற்றாமல் நீளத்தை மட்டும் கூட்டிப் பார்" என்பது இன்னொன்று. பத்து நிமிடம் முட்டிப் பார்த்த பிறகே எடுக்கலாம். முதல் நாளே இரண்டையும் எடுத்துவிட்டால் அட்டை அந்தப் பிள்ளைக்கு அதிகம். எதையும் எடுக்காமல் ஒரே பாடவேளையில் மூன்றும் முடிந்தால் அட்டை போதவில்லை.

மெல்லக் கற்கும் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க இவர்களை உட்கார வைக்கலாமா? (ஆசிரியர், கோட்டையூர்)

எப்போதாவது, பிள்ளை விரும்பினால் செய்யலாம். தினசரி ஏற்பாடாக வேண்டாம். இவர்கள் படிகளைத் தாண்டித் தாண்டிப் போகிறவர்கள். பக்கத்துப் பிள்ளைக்கு எந்தப் படி தேவை என்பது இவர்களுக்குத் தெரியாது, கடைசியில் விடையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். இருவருக்கும் அந்தப் பாடவேளை வீண்.

என் மகள் வகுப்பில் முதல் மாணவி. இந்த மாதிரி அட்டை கொடுத்தால் அழுகிறாள், பழைய கணக்கே போதும் என்கிறாள். (தாய், கானாடுகாத்தான்)

எதைத் தொட்டாலும் உடனே சரியாக வந்தே பழகிய பிள்ளைக்குத் தடுமாறுவது புதிது. தன் அறிவே குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள். இந்த அட்டைகளுக்கு மதிப்பெண் போட வேண்டாம் என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விடை வராத வரைபடங்களையும் அழிக்காமல் நோட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். 4-க்கு 9, 4-க்கு 10 என்று வராதவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் "வித்தியாசம் எட்டாகவே நிற்கிறதே" என்பது கண்ணில் படும். வீட்டில் நீங்கள் விடையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. இன்று எந்த அகலத்தைப் பார்த்தாய் என்று கேட்டால் போதும்.

தேர்வில் 50, 55 வாங்குகிற பையன் அந்த ஐந்து கடினக் கணக்கில் நாலைச் சரியாகப் போட்டுவிட்டான். பார்த்து எழுதியிருப்பானோ? (ஆசிரியர், பள்ளத்தூர்)

முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். இணைகரக் கணக்கில் "பரப்பு அதேதானே சார்" என்று சொன்னால் பார்த்து எழுதவில்லை. எளிதான கணக்கில் கூட்டல் பிழை, கடினமான கணக்கில் சரியான வழி என்ற இந்தக் கலவையை நிறையப் பார்க்கலாம். சலிப்பும் அவசரமும்தான் காரணம். மதிப்பெண் பட்டியலை வைத்து மீத்திறன் மாணவரைப் பொறுக்கினால் இவன் விடுபட்டிருப்பான். ஐந்து கணக்கை எல்லோருக்கும் திறந்துவைக்கச் சொன்னது இதற்காகவும்தான். அடுத்த பாடத்தில் அவன் நாலைத் தொடாமல் போகலாம். அப்போது வழக்கமான பயிற்சிக்கு வரட்டும், அதற்கடுத்த பாடத்தில் மறுபடி முயலட்டும். பெயர்ப் பட்டியல் எதுவும் நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டாம்.