சாலைகளில் யாருக்குக் கடினம்?

கேள்வி: ஆம்பூரில் ஷூ தைக்கிறோம். வேலூரில் கடை திறக்கப் போகிறோம். ‘சாஃப்ட் ஆன் ஃபீட், டஃப் ஆன் ரோட்ஸ்’ என்பது எங்கள் வாசகம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ‘பாதங்களில் மென்மை, சாலைகளில் கடினம்’ என்று மாற்றித் தந்தார். ஏதோ உதைக்கிறது. எது தப்பு?

பதில்: ‘கடினம்’தான் தப்பு. ஆங்கிலத்தில் ‘டஃப்’ என்றால் நன்றாக உழைக்கும் என்றும் பொருள் உண்டு. தமிழில் ‘கடினம்’ என்றதும் கஷ்டம் என்றுதான் தோன்றும். காட்பாடி ரோட்டில் போகிறவர் இதைப் படித்தால், இந்த ஷூவோடு ரோட்டில் நடப்பது சிரமம் போலிருக்கிறது என்று நினைப்பார்.

அப்புறம் ஓசை. உங்கள் ஆங்கில வாசகத்தில் ‘ஃப்’ ஒலி மூன்று தடவை வருகிறது. அதனால்தான் காதில் நிற்கிறது. தமிழில் அந்த வேலையை மோனையும் எதுகையும் செய்ய வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘காலுக்குப் பஞ்சு, கல்லுக்கு அஞ்சாது’. கால், கல் என்று தொடக்கம் சேர்கிறது. பஞ்சு, அஞ்சாது என்று இரண்டாம் எழுத்து சேர்கிறது. சாலை போய்க் கல் வந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள், சொல்ல வந்தது அப்படியே இருக்கிறது.

வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கேட்கும் மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் வாசகத்தைக் கொடுக்காதீர்கள். ஐந்தாறு சொல்லுக்கு அவர் ஐந்து நிமிஷம்கூட உட்கார மாட்டார். இடையில் ஒரு ஏஜென்ட் நின்று, ‘இங்கிலீஷில் உள்ள அத்தனை சொல்லும் வந்திருக்கிறது பாருங்கள்’ என்று எண்ணிக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் போட்ட போர்டை இரண்டே வாரத்தில் இறக்கினார். பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள், சரி. அந்தத் தமிழ் புரிகிறதா என்று எந்த அதிகாரியாவது நின்று படிக்கிறாரா?

ஆங்கில வாசகத்தைப் பார்க்காத ஒருவரிடம், ஷேர் ஆட்டோ ஓட்டுபவரானாலும் சரி, தமிழை மட்டும் வாசித்துக் காட்டி ‘என்ன விற்கிறார்கள், என்ன சொல்கிறார்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஓசை பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: உத்தரவாதம். 6 மாதத்துக்குள் சோல் பிரிந்தால் ஒட்டித் தருவதாக இருந்தால், அதை அப்படியே எழுதுங்கள். ‘பிரிந்தால் புதுசு’ என்று அழகுக்காகப் போட்டால், வாங்கினவர் புது ஜோடி கேட்பார். நியாயம் அவர் பக்கம்தான். ‘மாற்றித் தருவோம்’ என்றும் போடாதீர்கள், சோலையா ஷூவையா என்று அங்கேயும் சண்டை வரும். எதை, எத்தனை நாளுக்குள், என்ன செய்து தருவீர்கள் என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும்.

அச்சுக்கு முன் காகிதத்தில் ஒரு பிரதி வாங்கிப் பாருங்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது புள்ளி தொலைந்து ‘பஞசு’ என்று வந்துவிடும். ‘காலுக்குப்’ என்பதில் ‘ப்’ இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.