சாலையோர வெட்டுக்கு நான்கு மீட்டர் ஆணி போதுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே சாலையின் கீழ்ப்புறத்தில் தடுப்புச்சுவர் கட்ட, 5 மீட்டர் ஆழத்துக்கு மண்ணை நேராக வெட்ட வேண்டும். சுவர் எழும்வரை எட்டு மாதத்துக்கு மண் ஆணி அடித்து, அதாவது மண்ணில் துளையிட்டுக் கம்பி வைத்து கிரவுட் செய்து, தாங்கலாம், 4 மீட்டர் நீளமும் முகப்பில் தெளிக்கும் கான்கிரீட்டான ஷாட்கிரீட் 100 மி.மீ. கனமும் போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். சரிதானா?

பதில்: ஷாட்கிரீட் கனம் சரி, ஆணியின் நீளம் போதாது. வெட்டு உயரத்தில் 0.7 பங்கு என்ற வழக்கமான கணக்கில் 3.5 மீட்டர் வருவதால் அவர் 4 மீட்டர் சொல்லியிருக்கலாம்; ஆனால் அது முதல் உத்தேசம் மட்டுமே, முடிவைச் சொல்வது பிடுங்கு தாங்குதிறன்.

மண்ணின் அடர்த்தி 18 கிலோநியூட்டன்/கனமீட்டர், உராய்வுக் கோணம் 28 பாகை, வாகனச் சுமை 12 கிலோபாஸ்கல், ஆணிகளின் இடைவெளி இரு திசையிலும் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் பிசின்மையை மழைக்காலத்தில் நம்ப முடியாது என்பதால் நான் கணக்கில் சேர்க்கவில்லை. 28 பாகைக்கு மண்ணின் பக்க அழுத்தக் கெழு 0.36; ஓர் ஆணிக்கு வரும் அதிகபட்ச இழுவிசை T இப்படி வருகிறது:

```
T = 0.75 × 0.36 × (18×5 + 12) × 1.2 × 1.2 ≈ 40 kN
```

115 மி.மீ. துளையில் கிரவுட்டுக்கும் மண்ணுக்கும் இடையிலான பிடிப்பு 50 கிலோபாஸ்கல் என்றால், ஒரு மீட்டர் ஆணி சுமார் 18 கிலோநியூட்டன் தாங்கும். மேல்வரிசையில் வழுக்குப் பரப்பு முகப்பிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உள்ளே இருக்கும்; அதற்கு முன்னால் உள்ள நீளம் சரியும் மண்ணோடு சேர்ந்தே வந்துவிடும். ஆகவே 4 மீட்டர் ஆணியில் பயன்படுவது 2.5 மீட்டர், தாங்குவது 45 கிலோநியூட்டன், பாதுகாப்புக் காரணி வெறும் 1.1. இங்கே குறைந்தது 2 வேண்டும். 6 மீட்டர் ஆணியில் 4.5 × 18 = 81 கிலோநியூட்டனாக அது நிறைவேறுகிறது. கம்பியைப் பற்றிக் கவலையில்லை, 20 மி.மீ. Fe500 தாராளமாகத் தாங்கும்.

முகப்பில் ஆணித்தலைக்கு வரும் விசை ஏறத்தாழ 26 கிலோநியூட்டன். 200 மி.மீ. தகடும் 100 மி.மீ. M20 ஷாட்கிரீட்டும் இருந்தால் துளைத்துச் செல்லும் தகைவு சுமார் 0.27 மெகாபாஸ்கல்; அனுமதிக்கப்படுவது 1.1. வெல்டட் மெஷ் நடுவில் இருக்க வேண்டும், மண்ணில் ஒட்டிக் கிடக்கக் கூடாது.

அந்த 50 கிலோபாஸ்கல் என் ஊகம்தான். எனவே வேலைக்கு முன் இரண்டு சோதனை ஆணிகளை, 3 மீட்டர் மட்டும் கிரவுட் செய்து, 54 கிலோநியூட்டன் வரை இழுத்துப் பாருங்கள். அந்தச் சுமையில் முதல் நிமிடத்துக்கும் பத்தாவது நிமிடத்துக்கும் இடையே நகர்வு 1 மி.மீ.க்கு மேல் போனால், ஆணி மெல்ல வழுகுகிறது என்று பொருள். நீளத்தைக் கூட்டுங்கள் அல்லது இடைவெளியைக் குறையுங்கள். இந்தச் சோதனையை மண் நனைந்திருக்கும்போது செய்வதே நல்லது, வெயில் காலத்து முடிவு ஐப்பசி மழைக்கு உதவாது.

வெட்டும்போது ஒரு தடவைக்கு ஒரு வரிசை உயரமே இறங்குங்கள். அந்த வரிசைக்கு ஷாட்கிரீட் அடித்து, கிரவுட் இறுகிய பிறகே அடுத்தது. ஆணிகளுக்கு நடுவில் வடிகால் பட்டைகளைக் கீழ்வரை விடுங்கள், ஏனெனில் மேலே சொன்ன கணக்கில் நீரழுத்தம் இல்லை. ஆணிகள் சாலைக்கு அடியில் நுழைவதால் சாலைத் துறையின் அனுமதியும், குடிநீர்க் குழாய்களின் இருப்பிடமும் முன்பே வேண்டும். தார் விளிம்பில் நீளவாக்கில் விரிசல் கண்டாலோ, முகப்பின் உச்சி 15 மி.மீ.க்கு மேல் வெளியே நகர்ந்தாலோ, உடனே வெட்டை நிறுத்தி, அடியில் மண்ணைக் குவித்து முட்டுக் கொடுங்கள்.